கசற் பழுது என்று சொல்லி அனுப்பினார்கள், பழுதானது அவர்களுடைய கமரா

வீட்டில் பழைய மினி டிவி, அதாவது `MiniDV` என்கிற சின்ன வீடியோக் கமராக் கசற் வைத்திருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் சமாதான காலத்தில் வன்னிக்குள் வந்து எடுத்த கசற் வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அம்மம்மா வட்டக்கச்சியில் இருந்தவ. 2002 இல் ஏ9 திறந்த பிறகு சுவிஸிலிருந்து எங்கள் ஊர் அண்ணா ஒருவர் 2004 இல் வந்தபோது, அங்கே இருந்த மாமாவுக்குக் காட்டவென்று அம்மம்மாவை முற்றத்தில் இருத்தி வீடியோ எடுத்துக்கொண்டு போனார். பதினொரு நிமிடம். அம்மம்மா 2007 இல் போய்விட்டா. 2009 இல் நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் ஒரு படம்கூட மிஞ்சாமல்தான் முகாமுக்கு வந்தோம். அம்மம்மாவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு சின்னக் கசற்றில்தான். மாமா இறந்த பிறகு மாமி அதைக் கடிதத்தோடு சுற்றி எங்களுக்கு அனுப்பி வைத்தா.

எங்களிடம் கமரா இல்லை. அதனால் பக்கத்து நகரத்தில், பழைய கசற் எல்லாம் பென்டிரைவில் ஏற்றித் தருவோம் என்று போர்ட் போட்டிருந்த ஒரு கடையில் கொடுத்தேன். 3,500 ரூபா. நான்கு நாளில் தந்தார்கள். வீட்டில் லப்டொப்பில் போட்டதும் அம்மம்மாவின் முகம் வந்தது, அம்மா கையைக் கூப்பிவிட்டா. ஆனால் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக, ஒரு பட்டை தெளிவு, அடுத்த பட்டை சிதறல், இப்படி மேலிருந்து கீழ் வரை. ஒலியோ பாதிக்கு மேல் இல்லை. இரண்டு சொல் வரும், கரகரக்கும், பிறகு வாய் மட்டும் அசையும்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "கசற்றிலை பூஞ்சணம் தங்கச்சி, இனி இது ஒண்டுக்கும் உதவாது, எறியிறதுதான்" என்றார். ஒலியை வேண்டுமானால் தனியாகத் திருத்தித் தரலாம், 12,000 ஆகும் என்றார். கொடுத்தேன். அம்மம்மாவின் குரல் அல்லவா, பேரம் பேச மனம் வரவில்லை. அப்புறம் தந்த பைலில் குரல் உரத்துக் கேட்டது, கரகரப்பு இல்லை, ஆனால் முன்பு கேட்ட சொற்களும் தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல ஆகிவிட்டன. ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் ஒடாசிற்றி மென்பொருளில் இரண்டு பைலையும் மேலும் கீழுமாகப் போட்டுப் பார்த்தேன். முன்பு எங்கே கோடு மட்டமாகக் கிடந்ததோ அதே நொடிகளில் இதிலும் மட்டமாகவே கிடந்தது. இரைச்சல் குறைக்கிற கருவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ச போன்ற எழுத்துகளின் ஒலி காற்றிரைச்சல் மாதிரியே இருப்பதால் அந்தக் கருவி அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். பைலில் இல்லாத ஒலி அந்தப் பைலைக் கழுவுவதால் வராது. யாராவது உங்களிடம் அப்படிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேறு வழி தெரியாமல் நானே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் பைலைத்தான் எடுத்தேன், திருத்தியதை அல்ல. ஒரு கொப்பியில் நொடி, கேட்கிற சொல், வாய் எப்படி இருக்கிறது என்று மூன்று பத்தி. `VLC` இல் `E` ஐ அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக நகரும், நொடிக்கு 25 சட்டம். இரவு இரவாக அம்மம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை வாய் இருந்த இடம் தெளிவான பட்டை ஒன்றுக்குள் பாதி விழுந்திருந்தது.

ஆறாவது நிமிடத்தில் ஒரு இடம். கேட்பது இவ்வளவுதான்: "…ட்டை வித்துத்தான்…", நீண்ட மௌனம், "…மீட்டனான்."

இந்த இடத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. மாமாவை வெளியே அனுப்ப அம்மாவின் கலியாணத் தோட்டை அம்மம்மா அடைவு வைத்தா. இரண்டு வருடம் கழித்துத் தம்பி காசு அனுப்பினான் என்று சொல்லி மீட்டுக் கொடுத்தா. இப்போது அம்மா, "தோட்டை வித்துப்போட்டு வேறை தோடு வாங்கித் தந்திருக்கிறா. அப்பவே எனக்கு எடை குறைஞ்ச மாதிரித்தான் இருந்தது" என்றா. அந்தத் தோடு 2009 இல் மாத்தளனில் எனக்குப் பால்மா வாங்கப் போனது, இனி நிறுத்துப் பார்க்கவும் முடியாது. மூன்று கிழமை அம்மா அந்த வீடியோவைப் பார்க்க மறுத்தா. செத்துப்போன தாயோடு கோபித்துக்கொண்டு என் அம்மா அடுப்படியில் தனியாக இருந்ததை நான் பார்த்தேன். 3,500 ரூபாவையும் 12,000 ரூபாவையும் நான் மறந்துவிடுவேன், இதை மறக்கமாட்டேன்.

அந்த நொடியைச் சட்டம் சட்டமாக நகர்த்தினேன். தோ என்றால் உதடு குவிய வேண்டும். அம்மம்மாவின் உதடு குவியவில்லை. மூன்று சட்டத்துக்கு இறுக மூடி, பிறகு அகலத் திறக்கிறது. வீ என்றால் கீழுதடு பல்லில் முட்டும், அதுவும் இல்லை. அப்படியானால் மாட்டை. மாட்டை வித்துத்தான். அம்மாவிடம் சொன்னபோது, "நீ நினைக்கிறதைத்தான் நீ பார்க்கிறாய்" என்றா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடும், க எல்லாம் தொண்டைப் பக்கம், வெளியே தெரியவே தெரியாது. வாயைப் பார்த்து எழுதினால் எவ்வளவு நம்பலாம் என்று எனக்கே சந்தேகம்.

கிளிநொச்சியில் முன்பு கலியாண வீடியோ எடுத்த ஒரு அண்ணையைப் பற்றி அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அந்த அண்ணை பைலைப் போனில் பார்த்து, முதலில் பட்டைகளை எண்ணினார். பன்னிரண்டு, ஒன்று விட்டு ஒன்று பழுது. "தொடக்கத்திலை இருந்து முடிவு வரைக்கும் இப்பிடியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப கசற்றிலை பிழை இருக்க வாய்ப்புக் குறைவு" என்றார்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். மினி டிவி கமராவுக்குள் சுழலும் உருளையில், கசற்றை வாசிக்கிற இரண்டு ஹெட் இருக்கின்றன. அவை மாறி மாறி நொடிக்கு 300 தடங்களை வாசிக்கும், எங்கள் பக்கத்து முறையில் ஒரு படச் சட்டத்துக்குப் பன்னிரண்டு தடம். படமும் ஒலியும் அதே தடங்களில்தான் இருக்கும். ஒரு ஹெட்டில் அழுக்குப் பிடித்தால் ஒன்று விட்டு ஒரு தடம் வராது. படம் பட்டை பட்டையாகும். ஒலியில் பாதித் தரவு வராதபோது கமரா இருப்பதை வைத்து ஒட்டித் தைக்கப் பார்க்கும், அதுதான் கரகரப்பு. முடியாத இடத்தில் பேசாமல் விட்டுவிடும், அதுதான் மௌனம். பூஞ்சணமோ கசங்கலோ என்றால் இப்படி ஒழுங்காக வராது, சில இடங்களில் மோசமாகவும் சில இடங்களில் நன்றாகவும் இருக்கும்.

ஒரே ஒரு விலக்கு: எடுத்த நாளிலேயே அந்தக் கமராவின் ஹெட் அழுக்காக இருந்திருந்தால் கசற்றில் பாதி பதிந்தே இருக்காது, அதை யாராலும் மீட்க முடியாது. எது என்று அறிய வழி, ஹெட் சுத்தமான வேறொரு கமராவில் போட்டுப் பார்ப்பது.

அவர் முதலில் தன்னுடைய கசற் ஒன்றைப் போட்டு, படம் சுத்தமாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்களுடையதைத் தொட்டார். ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றி, பிறகு பிளே அழுத்தினார்.

ஒரு பட்டைகூட இல்லை. அம்மம்மாவின் பின்னால் நின்ற முருங்கை இலை தனித்தனியாகத் தெரிந்தது. குரல் முழுதாக வந்தது.

"மாலுக்குப் பின்னாலை நிண்ட சிவப்பி மாட்டை வித்துத்தான் மோனை, அக்கான்ரை தோட்டை மீட்டனான். நீ அனுப்பின காசெண்டுதான் அவளுக்குச் சொன்னனான். நீ மாறிச் சொல்லிப்போடாதை கண்டியோ."

என் கொப்பியில் மாட்டை சரி. ஆனால் அதற்கு முன்னால் நான் எழுதியிருந்தது "பாலுக்கு நிண்ட". மாலுக்கு என்பதைத்தான் பாலுக்கு என்று வாசித்திருக்கிறேன், உதடு ஏமாற்றியதும் நான் பயந்த அதே ப, ம இடத்தில்தான். "நீ மாறிச் சொல்லிப்போடாதை" என்ற வரி கடைக்காரர் தந்த பைலில் முழுவதும் மௌனம். மாமா அதைக் கடைசி வரை யாருக்கும் சொல்லவில்லை. அம்மா மூன்று முறை கேட்டுவிட்டு, சிவப்பி எத்தனை போத்தல் பால் கறந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லத் தொடங்கினா.

அண்ணை கமராவின் `DV` என்ற துளையிலிருந்து வயரைப் போட்டு அப்படியே பிரதி எடுத்துத் தந்தார். பதினொரு நிமிடத்துக்கு 2.4 ஜிபி வந்தது. ஒரு மணி நேரக் கசற் என்றால் ஏறக்குறைய 13 ஜிபி வர வேண்டுமாம். கடை தந்தது 140 எம்பி. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரால் எடுத்து நசுக்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது இந்த அளவைப் பார்த்தாலே அப்படியே தந்தார்களா, நசுக்கித் தந்தார்களா என்று தெரிந்துவிடும்.

பிறகு அண்ணையின் நல்ல கசற்றை இரவல் வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். இதைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். அதே பன்னிரண்டு பட்டை, அதே கரகரப்பு. காசைத் திருப்பித் தரவில்லை, அது வேறு. ஹெட் துடைக்கிற கசற் போட்டீர்களா என்று கேட்டதற்குக் கடையில் நின்ற பையன் சொன்னான், "அக்கா, ஒரு வருசமா எல்லாருக்கும் இந்தக் கமராவிலைதான் எடுத்துக் குடுக்கிறம். எல்லாக் கசற்றும் இப்பிடித்தான் இருந்தது."

அந்த எல்லாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பட்டை விழுந்த வீடியோ ஒன்று இருந்தால், பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்றாக, முழு நீளத்துக்கும் இருந்தால், கடை எறியச் சொன்ன கசற்றை எறியாதீர்கள். கடையில் விட்டு வந்திருந்தால் நாளைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள்.