ஹி, ஹி ஆர் ஷி, தே: ஒருவரைச் சுட்ட எது பொருந்தும்?

கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. "யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பார்" என்கிறோம். வெளியே நிற்பது அநேகமாக ஒரே ஆள்தான். ஆனாலும் 'தட்டுகிறான்' என்றோ 'தட்டுகிறாள்' என்றோ வாயில் வருவதில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது தமிழ் தானாகவே பன்மைக்குப் போய்விடுகிறது. தொல்காப்பியம் இதை விதியாகவே வைத்திருக்கிறது: 'பால்மயக்குற்ற ஐயக் கிளவி தானறி பொருள்வயின் பன்மை கூறல்'. ஆள் என்று தெரிகிறது, ஆண்பாலா பெண்பாலா என்பதில்தான் ஐயம் என்றால் பன்மையில் சொல்லுங்கள் என்கிறது. தூரத்தில் தெரியும் உருவத்தைப் பார்த்து 'ஒருவன் கொல்லோ ஒருத்தி கொல்லோ தோன்றுவார்' என்று சொல்வதை உரையில் உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரே ஆளுக்கு 'தே' வருவதும் இதே வேலைக்குத்தான். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1375 வாக்கில் எழுதப்பட்ட ஆங்கிலத்திலேயே இதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. ஆனாலும் விடைத்தாளில் 'எவ்ரி ஸ்டூடண்ட்' என்று தொடங்கி 'தெயர்' என்று முடிந்தால், பல ஆசிரியர்கள் இன்னும் சிவப்பு மையில் சுழித்து 'ஹிஸ்' என்று திருத்துகிறார்கள். அந்தத் திருத்தம் சரியா என்பதற்கு ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, போட்டியில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்க்கலாம். வாக்கியம் இது: 'இஃப் எ ஸ்டூடண்ட் லூசஸ் த கார்டு, ___ மஸ்ட் டெல் ___ டீச்சர்.' அட்டையைத் தொலைத்த மாணவர் தன் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பழைய விடை: 'ஹி', 'ஹிஸ்'. சின்னது, ஒருமை, குழப்பம் இல்லை. ஆண்பால் சொல் இருபாலுக்கும் பொருந்தும் என்ற விதியை 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள் பரப்பின. அவற்றில் முந்தைய ஒன்றை எழுதிய ஆன் ஃபிஷர் ஒரு பெண், பள்ளி நடத்தியவர். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பால் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று சட்டமே போட்டது. ஆக, 'ஹி'தான் இயல்பு, 'தே' பின்னால் நுழைந்த பிழை என்று நினைப்பது தலைகீழ். 'தே' பேச்சிலும் எழுத்திலும் ஏற்கெனவே இருந்தது. விதிதான் பிறகு வந்தது.

'ஹி' உண்மையிலேயே பொதுச்சொல்தானா என்று வகுப்பில் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். 'ஈதர் த ஃபாதர் ஆர் த மதர் மஸ்ட் சைன் ஹிஸ் நேம்' என்று கரும்பலகையில் எழுதுங்கள். தந்தையோ தாயோ 'அவனுடைய' பெயரைக் கையெழுத்திட வேண்டுமாம்! மாணவர்கள் உடனே நெளிவார்கள். இருபாலுக்கும் பொதுவான சொல்லாக இருந்திருந்தால் இந்த இடத்தில் உறுத்தியிருக்கக் கூடாது. மாணவன் என்ற படத்தை 'ஹி' மனதில் வரைந்துவிடுகிறது, மாணவி அதற்குள் தன்னைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாக எழுதும் எதிலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது 'ஹி ஆர் ஷி'. நம் வாக்கியத்தில் வைத்தால் 'ஹி ஆர் ஷி மஸ்ட் டெல் ஹிஸ் ஆர் ஹெர் டீச்சர்' என்று வரும். ஒரு முறைக்குத் தாங்கும். விதிமுறை ஐந்து வாக்கியம் நீண்டால், வாசிப்பவரின் கண் ஒவ்வொரு முறையும் அந்த 'ஆர்' மேல் இடறும். சாய்கோடு போட்டு எழுதும் வடிவம் இதைவிட மோசம், அதைச் சத்தமாகப் படித்துக் காட்டவே முடியாது. இன்னொரு குறையும் உண்டு. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒரு மாணவர் இந்த இரண்டுக்குள்ளும் வரமாட்டார். ஒரு பத்தியில் 'ஹி', அடுத்த பத்தியில் 'ஷி' என்று மாற்றி மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் ஆள் மாறிவிட்டாரோ என்று வாசகர் குழம்புவார்.

புதுச்சொல் உண்டாக்கினால் என்ன? செய்து பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் கிரோசட் கான்வர்ஸ் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் 'தான்' என்ற ஒலியில் ஒரு பிரதிப்பெயரை உருவாக்கினார். நம் 'தான்' போலவே ஒலிப்பது தற்செயல், அவர் 'தட் ஒன்' என்பதைச் சுருக்கினார். 1934இல் வெப்ஸ்டர் பேரகராதியில் அது இடம் பிடித்தது. 1961 பதிப்பில் காணாமல் போனது. பெயர்ச்சொல்லை ஒரு மொழி நாள்தோறும் வாங்கிக்கொள்ளும், பிரதிப்பெயரை லேசில் வாங்காது. ஸ்வீடிஷ் மொழி ஒரு விலக்கு. அங்கே 'ஹென்' என்ற பொதுச்சொல் பரவி, 2015இல் அம்மொழிக் கழகத்தின் அகராதியிலேயே சேர்ந்தது. ஆனால் அங்கே அவன், அவள் என்பதற்கான 'ஹான்', 'ஹோன்' பக்கத்திலேயே இந்தச் சொல் அழகாகப் பொருந்தியது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே 'தே' உட்கார்ந்திருந்தது.

மிஞ்சுவது மூன்று வழிகள். எழுதுகிறவருக்கு உண்மையான தேர்வு இவற்றுக்குள்தான்.

ஒன்று, எழுவாயையே பன்மையாக்குவது: 'இஃப் ஸ்டூடண்ட்ஸ் லூஸ் தெயர் கார்ட்ஸ், தே மஸ்ட் டெல் தெயர் டீச்சர்.' இலக்கணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பொருள் கொஞ்சம் நழுவுகிறது. எல்லோரும் சேர்ந்தா தொலைத்தார்கள்? எல்லோருக்கும் ஒரே ஆசிரியரா? 'ஒவ்வொருவரும்' என்ற கருத்து முக்கியமான இடத்தில் பன்மை அதை மழுங்கடித்துவிடும்.

இரண்டு, பிரதிப்பெயரே இல்லாமல் எழுதுவது: 'எ ஸ்டூடண்ட் ஹூ லூசஸ் த கார்டு மஸ்ட் டெல் த டீச்சர்.' நம் வாக்கியத்துக்கு இதுதான் முதல் பரிசு. சுருக்கம், ஒருமை, யாரையும் விடவில்லை. விதிமுறை, அறிவிப்பு, வினாத்தாள் குறிப்பு எழுதும் ஆசிரியர்கள் முதலில் இதை முயன்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரே மாணவரைப் பற்றி நான்கு வாக்கியம் தொடர்ந்தால் 'த ஸ்டூடண்ட்', 'த ஸ்டூடண்ட்' என்று அரைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

அப்போதுதான் மூன்றாவது வழி: 'இஃப் எ ஸ்டூடண்ட் லூசஸ் த கார்டு, தே மஸ்ட் டெல் தெயர் டீச்சர்.' படித்துப் பாருங்கள், உறுத்தவில்லை. இதில் கற்றுக்கொள்ள வேண்டிய நுணுக்கம் ஒன்றுதான், மாணவர்கள் தவறுவதும் அங்கேதான். ஆள் ஒருவரே ஆனாலும் 'தே'க்குப் பிறகு பன்மை வினைதான் வர வேண்டும். 'த ஸ்டூடண்ட் இஸ் லேட்' என்று எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் 'தே ஆர் வெயிட்டிங்' என்று எழுத வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு 'இஸ்', 'தே'க்கு 'ஆர்'. 'தே இஸ்' என்பது பிழை. ஒரே ஆளுக்கு எப்படி 'ஆர்' என்று மாணவர் கேட்டால் 'யூ'வைக் காட்டுங்கள். அதுவும் ஒரு காலத்தில் பன்மைக்கான சொல், ஒருமைக்கு 'தௌ' தனியாக இருந்தது. இன்று எதிரில் நிற்கும் ஒருவரிடம் 'யூ ஆர்' என்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. தமிழிலும் 'அவர்' பழைய பலர்பால் சொல், 'வந்தார்' பலர்பால் வினை. ஒருவருக்கே அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியதால்தான் பலரைக் குறிக்க 'அவர்கள் வந்தார்கள்' என்று இன்னொரு 'கள்' தேவைப்பட்டது.

அப்புறம் 'தே'யின் உண்மையான பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 'வென் எ ஸ்டூடண்ட் மீட்ஸ் த ஜட்ஜஸ், தே மஸ்ட் நாட் ஷோ தெயர் நோட்ஸ்.' குறிப்புகளைக் காட்டக் கூடாதது யார்? மாணவரா, நடுவர்களா? பக்கத்தில் ஒரு பன்மைப் பெயர் வந்துவிட்டால் 'தே' எதன் மேல் சாய்கிறது என்று தெரியாது. இங்கே 'ஹி' போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காக 'ஹி'க்குத் திரும்ப வேண்டியதில்லை. 'த ஸ்டூடண்ட் மஸ்ட் நாட் ஷோ எனி நோட்ஸ் டு த ஜட்ஜஸ்' என்று மாற்றினால் முடிந்தது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'தே' மேலும் விரல் வைத்து 'யார்?' என்று கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும்.

பாணிக் கையேடுகள் என்ன சொல்கின்றன என்று மேற்படிப்பு மாணவர்கள் கேட்பார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் ஒருமை 'தே'யை வெளிப்படையாக ஆதரித்தது. சிகாகோ கையேடு மெதுவாக நகர்ந்தது. 2017 பதிப்பு, முறையான எழுத்தில் பொதுவான ஒருவருக்கு 'தே' போடுவதைத் தவிர்க்கச் சொன்னது. 2024 பதிப்பு அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. ஆகவே 'இது தவறு' என்று ஒரு மாணவரின் தாளைச் சுழிக்க இன்று பெரிய ஆதாரம் இல்லை. உங்கள் தேர்வு வாரியம் பழைய விதியையே பின்பற்றினால், அதை 'இந்தத் தேர்வுக்கான விதி' என்று மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். இலக்கணம் என்று சொல்லாதீர்கள்.

இதுவரை பேசியது யாரென்று தெரியாத ஒருவரைப் பற்றி. பெயரும் முகமும் தெரிந்த ஒருவர் "என்னை 'தே' என்று குறிப்பிடுங்கள்" என்று கேட்கும்போது ஒப்பீட்டுக்கே இடமில்லை. பன்மையாக்க முடியாது, 'ஹி ஆர் ஷி' என்பது அவரை அவமதிப்பது. அவர் கேட்டதை எழுத வேண்டும். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் இந்தப் பொருளைத் தனியாகச் சேர்த்தது. பிரதிபலிப்பு வடிவம் வரும் இடத்தில் 'தெம்செல்வ்ஸ்', 'தெம்செல்ஃப்' இரண்டையும் பார்க்கலாம். ஒரு கட்டுரைக்குள் ஏதாவது ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் மாணவர்கள் அதிகம் சறுக்குவது மொழிபெயர்ப்பில். 'சம்ஒன் லெஃப்ட் தெயர் பேக்' என்பதை 'யாரோ அவர்களுடைய பையை விட்டுச் சென்றார்கள்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது நான்கு பேர் ஒரு பையைத் தூக்கி வந்தது போல இருக்கிறது. தமிழில் பால் காட்டாத 'தன்' கையில் இருக்கிறது, பல இடங்களில் அதுவும் வேண்டாம்: 'யாரோ பையை விட்டுப் போயிருக்கிறார்கள்.' ஆனால் பெயர் தெரிந்த ஒருவர் 'தே' என்று கேட்டிருந்தால் 'அவர்கள்' என்று பெயர்க்கக் கூடாது, 'அவர்' போதும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'தே' மரியாதை எதையும் சுமப்பதில்லை, 'அவர்' சுமக்கிறது. ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிய கதையில் 'அவர் அழுதார்' என்று எழுதினால் பெரியவர் ஒருவர் அழுவது போலத் தோன்றும். அங்கே 'குழந்தை அழுதது' என்று எழுதுவதுதான் தமிழ்.