புள்ளிவிபரக் கணக்கோடு இரண்டு போகம்

மாங்குளத்திலிருந்து மச்சான் கேட்டிருந்தான்: "டொலரன்ஸ் கூட்டுறதுக்கு எந்த முறை நல்லது?" கிளிநொச்சியில் என் லேத் பட்டறையில் சூடடிக்கும் இயந்திரத்தின் கியர்ப்பெட்டி ஒன்றை நேற்றுத்தான் திரும்பவும் பிரித்துப் பூட்டினேன். அதையே பதிலாக எழுதுகிறேன். டொலரன்ஸ் என்றால் ஒரு அளவு கூடவோ குறையவோ போக நாம் விடும் எல்லை.

பெட்டியின் உள்நீளம் 75.20 மில்லிமீற்றர், கூடக்குறைய 0.10. அதற்குள் 6205 பெயாரிங் இரண்டு, 10 மில்லிமீற்றர் வளையம் இரண்டு, 25 மில்லிமீற்றர் பற்சில்லு ஒன்று. வளையத்துக்கும் பற்சில்லுக்கும் நான் கொடுத்தது கூடக்குறைய 0.05. பெயாரிங்கின் அகலம் 15, ஆனால் 0.12 வரை குறையலாம். அதனால் நடு அளவு 14.94, கூடக்குறைய 0.06. எல்லாம் நடு அளவில் இருந்தால் மூடிக்கும் பெயாரிங்குக்கும் இடையே 0.32 மிஞ்சும். எனக்கு 0.10 ஆவது வேண்டும்.

மோசநிலைக் கணக்கில் ஆறு டொலரன்சையும் அப்படியே கூட்டினால் 0.37. இடைவெளி 0.05 இறுக்கமாகக்கூடப் போகலாம். புள்ளிவிபர முறையில் ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.16 தான். அப்போ குறைந்த இடைவெளியும் 0.16. சரி, இதையே பிடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: இரண்டு போகம் அந்த முறை நன்றாகவே உழைத்தது. தேவையில்லாமல் கூடக்குறைய 0.02க்குக் கடைந்து பொழுது போக்கவில்லை, ஒரு துண்டும் கழிவாகவில்லை.

பிறகு இந்தப் பெட்டிதான் சூடேறி இறுகியது. பிரித்து அளந்தேன். வளையங்களும் பற்சில்லும் ஒவ்வொன்றும் 0.04 கூட, பெயாரிங் இரண்டும் 14.99, பெட்டி 75.12. எல்லாமே அளவுக்குள்! ஆனால் மிஞ்சியது 0.02. தண்டு பெட்டியைவிட 30 பாகை சூடானாலே 75 மில்லிமீற்றர் உருக்கு 0.026 நீளும், வேறென்ன வேண்டும்?

எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும், எல்லாம் நடுவைச் சுற்றியே சிதறும் என்று அந்த வர்க்கமூலம் நம்புகிறது. கடைபவன் அப்படிச் செய்வதில்லை. கூட வெட்டினால் துண்டு போச்சு என்ற பயத்தில், அளவுக்குள் வந்தவுடனே நிறுத்துவான். வெளிநீளம் எல்லாம் பெரிய பக்கம், குழி ஆழம் குறைந்த பக்கம். இரண்டும் இடைவெளியைத்தான் தின்னும். ஒரே பெட்டியில் வந்த பெயாரிங்குகளும் ஒரே பக்கமே சாயும்.

இதைப் பூட்டுமுன் பிடிக்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஐந்து துண்டை மைக்ரோமீற்றரால் அளந்து பார்க்க வேண்டும். ஐந்தும் நடுவுக்கு ஒரே பக்கம் நின்றால், அந்தச் சாய்வை நேரடியாகக் கூட்ட வேண்டும். மிச்சச் சிதறலை மட்டும் வர்க்கிக்கலாம். இங்கே சாய்வு மட்டுமே 0.30.

நூறு நூறாகச் செய்து அளவைக் கண்காணிக்கிறவனுக்குப் புள்ளிவிபர முறைதான் சரி. மச்சான், நீ நாலைந்து பெட்டிதானே செய்கிறாய். மோசநிலைக் கணக்கையே போடு. நான் பெட்டியை 75.40க்குக் கடைந்துவிட்டேன். இனி இடைவெளி கூடினால் பித்தளைத் தகடு வைப்பேன், இறுக விடமாட்டேன்.