ரூல் ஆஃப் த்ரீயா, கால்பேக்கா? அல்வா வீடியோவ வச்சு ஒரு அலசல்

நம்மூரு அல்வா எப்படி கிண்டுதாவன்னு எட்டு நிமிசத்துக்கு ஒரு காமெடி விளக்க வீடியோ எடுக்கோம்னு வச்சுக்கிடுங்க. சிரிப்பு வரவைக்க ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் வேற வேற வேலை செய்யும்.

மொதல்ல ரூல் ஆஃப் த்ரீ. ரெண்டு சாதா விஷயத்த சொல்லி ஒரு வரிசைய காட்டிட்டு, மூணாவதுல டபக்குனு ஒடைக்கது. "கிண்டுததுக்கு வேண்டியது: பெரிய சட்டி, நீளக் கரண்டி, அடுத்தவன் கை." இதே ஜோக்க பொருள் லிஸ்ட்ல வச்சா கெட்டுரும், ஏன்னா அங்க சம்பா கோதுமை, சீனி, நெய்னு நெசமாவே மூணு இருக்கு, ஜோக்கு நாலாவதா போனா அதுக்குள்ள கேக்கவனுக்கு சலிச்சுரும், எடம் வேணும்னு நெய்ய முழுங்குனா நம்மூர்க்காரன் சும்மா விடுவானா? அதனால பொருள நேரா சொல்லிருங்க, ஜோக்க சாமான் லிஸ்டுக்கு தள்ளிருங்க.

தமிழ்ல ஒரு வில்லங்கம் இருக்கு. "சட்டியும் கரண்டியும் அடுத்தவன் கையும் வேணும்"னு பேசுத மாதிரி சொன்னா, கடைசில வார 'வேணும்' சிரிப்ப தின்னுரும். அத தூக்கி முன்னால போடுங்க, கடைசிச் சொல் 'கை'யாத்தான் இருக்கணும். 'அடுத்தவன்'க்கு முன்னால அரை செகண்டு நிறுத்தம், சொன்னதுக்கு அப்புறம் ஒரு செகண்டு புதுத் தகவலே வேண்டாம். இன்னொண்ணு, ஸ்கிரீன்ல சப்டைட்டில் முழுசா முன்னாடியே வந்துட்டா ஜோக்கு அங்கனயே செத்துரும், கடைசி ரெண்டு சொல்ல தனியா வெட்டி, வாய் சொல்லும்போது காட்டுங்க.

அடுத்து கால்பேக். முன்னால போட்ட ஜோக்க ரொம்ப நேரங்கழிச்சு வேற எடத்துல புதுசா திருப்பிக் கொண்டாரது. இதுல நிறுத்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அஞ்சு நிமிசம் கழிச்சு, நெய் பிரிஞ்சு அல்வா சட்டில ஒட்டாம வந்து எலைல விழுது. அப்போ: "சாப்பிட மட்டும் சொந்தக் கை." இங்க நிறுத்தம் கூடாது, இழுத்தா பாக்கவன் நமக்கு முன்னாடியே போய் நின்னுருவான், சட்டுனு சொல்லிட்டு போயிரணும். பழைய வரிய அப்படியே திருப்பிச் சொன்னா அது கால்பேக் இல்ல, சொன்னதையே சொல்லுதது. நெனவு படுத்த பழைய கிளிப்ப சொருகத் தோணுச்சுன்னா, மொத தடவ போட்டது ஆழமா விழலன்னு அர்த்தம்.

நாப்பது செகண்டு துண்டா வெட்டிப் போடுத வீடியோன்னா கால்பேக்க மறந்துருங்க, முன்கதை தெரியாதவனுக்கு 'சொந்தக் கை' வெறும் கைதான். அங்க மூணுதான் நிக்கும். ஆனா எட்டு நிமிசத்துல மூணு வரிசைய நாலு தடவ போட்டா, ரெண்டாவது பொருள சொல்லும்போதே பாக்கவன் உஷாராயிருவான். என்னைய கேட்டா எட்டு நிமிசத்துக்கு கால்பேக்தான் ஒசத்தி, ஆனா அதுக்கு வெத போட ஒரே ஒரு மூணு வரிசை வேணும்.

எடிட்ட முடிக்கும் முன்னால, ஸ்கிரிப்ட் தெரியாத ஒரு ஆளுக்கு போட்டுக் காட்டி அவன் மூஞ்சிய பாருங்க. சிரிப்பு வரவைக்குற பஞ்ச் வரிக்கு முன்னாடியே சிரிச்சா நிறுத்தம் ஜாஸ்தி, அடுத்த தகவல் மேல சிரிப்பு விழுந்தா பஞ்ச் வரிக்கு பின்னால எடம் பத்தல.