நாற்காலியை அழிப்பதா, ஓரத்தை வெட்டுவதா?

கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாண வீடு. வீட்டின் உள்முற்றமான வளவின் நடுவில் தம்பதி, இரு பக்கமும் தூண் வரிசை, கீழே ஆத்தங்குடி கல். படம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி பாதி தெரிந்தது. எடுக்கும்போது அது என் கண்ணில் படவே இல்லை. ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர் பலவற்றின் வியூஃபைண்டர் சட்டத்தில் 95 சதவீதம்தான் காட்டும். ஓரத்தில் இருப்பதில் ஒரு பகுதி கணினியில்தான் தெரியவரும்.

முதலில், சுற்றியுள்ளதைக் கொண்டு நிரப்பும் ஹீலிங் பிரஷ்ஷால் அழிக்கப் பார்த்தேன். நாற்காலி போனது, தரையில் அதன் சிவப்பு நிழலுரு நின்றது. மெருகேறிய ஆத்தங்குடி கல் கண்ணாடி போல எதையும் பிரதிபலிக்கும். அதையும் துடைத்தால் கல்லின் பூ வேலை கலைகிறது. பக்கத்துக் கல்லை நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, மூடலாம் என்றால், கேமராவுக்கு அருகில் உள்ள கல் பெரிதாகவும் தள்ளி உள்ளது சிறிதாகவும் இருப்பதால், ஒரு வரிசையில் எடுத்தது அடுத்த வரிசையில் பொருந்தாது. இருபது நிமிடம் போனது. அப்புறமும் கல்லுக்குக் கல் உள்ள கோடு ஓரிடத்தில் உடைந்தே தெரிந்தது.

அதை விட்டுவிட்டு வெட்டினேன். 6000க்கு 4000 பிக்சல் படம். நாற்காலி இருந்தது இடப்பக்கம் 350 பிக்சல் அளவுக்கு. ஆனால் இடப்பக்கம் மட்டும் வெட்டினால் தூண்களின் சமச்சீர் போய்விடும், தம்பதி நடுவிலிருந்து விலகிவிடுவார்கள். அதனால் இரு பக்கமும் 420 பிக்சல் எடுத்து, அதே விகிதத்தில் உயரத்தையும் குறைத்தேன். மிஞ்சியது 5160க்கு 3440. ஆல்பத்தின் 18க்கு 12 அங்குலப் பக்கத்தில் அது அங்குலத்துக்கு 287 புள்ளி; 300க்குக் கொஞ்சம் குறைவு, அச்சில் கண்ணுக்குத் தெரியாது. அரை நிமிட வேலை. அதே இடத்தில் நின்று எடுத்த மற்ற படங்களுக்கும் அதே வெட்டை அப்படியே ஒட்ட முடிந்தது. அழிக்கும் வேலையை ஒவ்வொன்றுக்கும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

வெட்டு எப்போதும் ஜெயிக்காது. அதே வீட்டில் முகப்பில் எடுத்த குடும்பப் படத்தில், ஓரத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. அதை வெட்டப் போனால் பக்கத்தில் நின்ற ஆச்சியின் முழங்கை போகும். பின்னால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்ததும் போர்டு மறைந்துவிட்டது. ஆக நான் முதலில் பார்ப்பது பின்னால் இருப்பது பூ வேலையா, வெறும் சுவரா என்பதைத்தான்.

வளவுப் படத்தை 24 மி.மீ.யில் எடுத்திருந்தேன். அங்கேயே 28க்குத் திருப்பியிருந்தால் பக்கத்துக்கு 7 சதவீதம் வெளியே போயிருக்கும், நான் பின்னால் வெட்டிய அதே அளவு. 6000 பிக்சலும் கையில் இருந்திருக்கும்.