தையல் கடைக்காரர்களே, ‘லேட் ஆனா கூலி வேண்டாம்’ என்று உங்கள் வாயில் போடுகிற ஸ்கிரிப்ட் வந்தால் கவனம்

தண்டையார்பேட்டையில் 11 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். இரண்டு மிஷின், உதவிக்கு ஒரு தங்கச்சி, ஆரி வேலைக்குக் கொருக்குப்பேட்டையில் ஒரு அண்ணன். இதுதான் என் பொட்டிக். ஆடி மாதம் கல்யாண ஆர்டர் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு விளம்பரம் போட்டால் ஆவணி முகூர்த்தங்களுக்கு வேலை வரும் என்று நினைத்து, சின்னக் கடைகளுக்கு ரீல் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஆளிடம் 15,000 ரூபாய் கொடுத்தேன். ஸ்கிரிப்ட், ஷூட்டிங் இரண்டுக்கும் 9,000, விளம்பரம் ஓட்ட 6,000. பணம் போனதை விட, என் கடைப் பெயர் போன விதம்தான் மனதை அறுக்கிறது. என்னைப் போல இன்னொரு கடைக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவர் முதல் நாள் வந்தபோது கேட்டது மூன்று விஷயம். கடைப் பெயர், போன் நம்பர், போர்டின் போட்டோ. ஒரு நாளைக்கு எத்தனை ப்ளவுஸ் தைப்பேன், ஆரி வேலையை யார் செய்கிறார், ட்ரையல் பார்க்க இடம் இருக்கிறதா, இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஸ்கிரிப்ட் வந்தது. படித்தபோது நன்றாகத்தான் இருந்தது:

“தோள் இறங்குதா? முன்கழுத்து தூக்குதா? கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும் ‘நாளைக்கு வாங்க’ன்னு டெய்லர் அலைய விடுறாரா? இனி அந்தக் கவலை வேண்டாம். எங்க கிட்ட வாங்க.”

இந்தக் கவலைகள் எல்லாம் உண்மை. வாரத்துக்கு நாலு பேராவது வேறு கடையில் கெட்டுப்போன ப்ளவுஸைப் பிரித்துத் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். அதனால் சரி என்றேன். ஷூட்டிங் முடிந்த அன்று இரவே ரீல் ஓட ஆரம்பித்துவிட்டது. முடிந்த ரீலை எனக்கு அனுப்பவே இல்லை. மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளர் அனுப்பித்தான் பார்த்தேன். நான் பார்த்த ஸ்கிரிப்டில் இல்லாத இரண்டு வரி கடைசியில் வேறு ஒரு பெண் குரலில் சேர்ந்திருந்தது:

“5 நாளில் கையில், ஒரு நாள் லேட் ஆனாலும் தையல் கூலி வேண்டாம். ஃபிட்டிங் சரியில்லையா, முழுப் பணமும் திருப்பித் தர்றோம்.”

உடனே போன் செய்தேன். “அந்த வரி இல்லாம ஆளுங்க வர மாட்டாங்கம்மா, எல்லாக் கடைக்கும் அப்படித்தான் போடுறோம்” என்றார். எடுக்கச் சொன்னேன். மறுபடி குரல் பதிவு செய்ய 3,000 ஆகும் என்றார். சரி, விளம்பரத்தையாவது நிறுத்துங்கள் என்றால், அது அவருடைய கணக்கிலிருந்து ஓடுகிறது. என் போனில் நிறுத்த வழியே இல்லை.

கணக்கைப் பாருங்கள். நானும் தங்கச்சியும் சேர்ந்து லைனிங் வைத்து, ஹூக் கட்டி, ஹெம்மிங் முடித்து ஒரு நாளைக்கு 4 ப்ளவுஸ் தைக்க முடியும். 5 நாளில் 20. முதல் வாரத்திலேயே வந்த ஆர்டர் 46. எல்லோரும் அந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அதோடு, விளம்பரத்தை வடசென்னைக்கு மட்டும் போடாமல் சென்னை முழுக்கப் போட்டிருந்தார். தையல் என்பது அளவு கொடுக்க ஒரு தடவை, ட்ரையலுக்கு ஒரு தடவை, வாங்க ஒரு தடவை என்று மூன்று முறை வர வேண்டிய வேலை. காசிமேட்டிலிருந்து ஒருவர் மூன்று தடவை வருவார். தாம்பரத்திலிருந்து வருவாரா?

தாம்பரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதைதான் என்னை அதிகம் வருத்தியது. முகூர்த்தப் புடவைக்கு ஆரி வேலை ப்ளவுஸ், பின்கழுத்து 10 இஞ்ச் இறக்கம், முழங்கை வரை கை, கையில் புடவை பார்டர். புடவையோடு வந்த ப்ளவுஸ் துணி 80 சென்டிமீட்டர். அவர் அளவுக்கு அந்தத் துணியில் உள்ளே விடும் மார்ஜின் அரை இஞ்சுக்கு மேல் வராது. பொதுவாக நான் ஒரு இஞ்ச் விடுவேன், பிறகு உடம்பு கூடினால் பிரித்து விடலாம். பின்கழுத்து இவ்வளவு இறங்கினால் தோள்கள் வெளிப்பக்கம் விலகிப் பார்க்கும். அதனால் தோள் அகலத்தை அரை இஞ்ச் குறைத்து வெட்ட வேண்டும், பின்னால் கயிறும் கட்ட வேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்பது அவரவர் தோளின் சரிவைப் பொறுத்தது. ட்ரையல் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதையெல்லாம் சொன்னேன். “ட்ரையலுக்கெல்லாம் வர முடியாதுக்கா, ஃபிட்டிங் கேரண்டின்னு ரீல்ல நீங்களே சொன்னீங்களே” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் குரல் இல்லை என்றாலும் திரையில் என் முகம் இருந்தது.

ஆரி அண்ணனிடம் ஏற்கெனவே வேலை குவிந்திருந்தது. அவர் கொடுத்தது 6ஆம் நாள். நான் தைத்துக் கொடுத்தது 8ஆம் நாள். தோள் ஒரு பக்கம் இறங்கியது. திருத்திக் கொடுத்தேன், ஆனால் கூலி 3,800இல் ஒரு ரூபாய் கூட வாங்க முடியவில்லை. ஆரி அண்ணனுக்கு நான் கொடுத்த 2,000 என் கையிலிருந்து போனது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ப்ளவுஸ் சரியில்லை என்றால் யாருக்கும் பதறும். என் பெயரில் ஒரு வாக்கைக் கொடுத்தார்கள், அவர் அதை நம்பினார்.

அந்த வாரமே எம்.சி. ரோட்டுக்குப் புடவை எடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர் போனை நீட்டினார். “அக்கா, இதே பேச்சு பெரம்பூர்ல ஒரு கடைக்கும் வருதே.” கேட்டேன். அதே மூன்று கேள்வி, அதே இரண்டு வரி, அதே பெண் குரல். கடைப் பெயர் மட்டும் வேறு. எனக்காக எழுதியதாகச் சொல்லி 9,000 வாங்கியது இதற்குத்தான்.

கவலையை வைத்து ஸ்கிரிப்ட் எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் மனதில் முதலில் இருப்பது கவலைதான், அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆனால் கவலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஃபிட்டிங் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், தொளதொளவென்று போன பழைய ப்ளவுஸை அளவுக்குக் கொடுப்பது, ட்ரையல் பார்க்காதது, நனைக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கிப் பட்டுத் துணியை இழுப்பது. தாமதத்துக்குக் காரணம், ஆரி வேலைக்குப் போகும் நாட்களைக் கழிக்காமல் கடைக்காரர் தேதி சொல்வது. ஸ்கிரிப்ட் எழுதுபவர் இந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு உங்கள் கடை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாதவர் கேரண்டியைத்தான் போடுவார்.

இப்போது நானே உட்கார்ந்து எழுதியது இது. 30 விநாடிக்கு நிதானமாகப் பேசினால் 60 சொல் போல வரும், அதற்குள் அடக்கினேன்:

“தோள் இறங்குற ப்ளவுஸ் போட்டு அலுத்துட்டீங்களா? உங்க உடம்புல கச்சிதமா நிக்கிற ஒரு ப்ளவுஸ் எடுத்துட்டு வாங்க, டேப்லயும் அளவு எடுக்கிறோம். லைனிங்கை நனைச்சுக் காயவெச்ச பிறகுதான் வெட்டுவோம். கல்யாணத் தேதிக்கு 7 நாள் முன்னாடி ட்ரையல் வரச் சொல்வோம், அன்னைக்கே திருத்தித் தருவோம். ஆரி வேலைக்கு 20 நாள் வேணும், அதுக்குக் குறைஞ்சா ஆர்டர் எடுக்க மாட்டோம். தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரங்க வாங்க.”

‘ஆர்டர் எடுக்க மாட்டோம்’ என்ற வரியை விளம்பரத்தில் யாராவது போடுவார்களா என்று என் கணவர் கேட்டார். போட்டேன். வந்தவர்களில் பலர் அந்த வரியைத்தான் சொல்லிக் காட்டுகிறார்கள். வாரத்துக்கு 9, 10 பேர் வருகிறார்கள், என்னால் தாங்கக் கூடிய அளவு. தேதியைப் பில்லில் எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் யாருக்காவது ஸ்கிரிப்ட் வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். நாள் கணக்கு, பணம் திருப்பித் தருவது, கூலி இல்லை, இப்படி வாக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வரியையும் தனியாக அடிக்கோடிட்டு அனுப்பச் சொல்லி, “இந்த வரிக்குச் சம்மதம்” என்று வாட்ஸ்அப்பிலேயே நீங்கள் பதில் போட்ட பிறகுதான் ஷூட்டிங். முடிந்த வீடியோவை நீங்கள் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்பதையும் எழுதி வாங்குங்கள். விளம்பரம் உங்கள் பக்கத்திலிருந்து, உங்கள் கணக்கிலிருந்து ஓடட்டும். அப்போதுதான் நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இருக்கும். ரீலில் சொன்னதற்கு வாடிக்கையாளர் முதலில் பிடிப்பது கடையைத்தான், எழுதினவர் அந்தப் பக்கமே வர மாட்டார்.

கடைக்காரர் ஆயிற்றே, நாம் எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று நானும் நினைத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரத்துக்காக வாங்கிய சேவைக்கு வழக்குப் போட முடியாது என்று இருக்கிறது. ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் என்றால் நாமும் நுகர்வோர்தான் என்று அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது. அந்த விளக்கத்தில் பொருளைத்தான் சொல்கிறார்கள், சேவையைச் சொல்லவில்லை, அதனால் நம் விஷயத்துக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் கேட்டாலும் வழி சொல்கிறார்கள். முதலில் அனுப்பிய ஸ்கிரிப்ட், ஓடிய ரீல், பணம் அனுப்பிய விவரம், 3,000 கேட்ட குரல் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மனுவைக் கொடுக்கப் போகிறேன்.

அந்த ரீல் 12ஆம் நாள்தான் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, ஓட்டுவதற்குக் கொடுத்த 6,000 தீர்ந்துபோனது. பெரம்பூர் கடை அக்காவிடம் பேசிவிட்டேன், அவரும் என்னோடு சேர்ந்து மனுக் கொடுக்கிறார். இதே குரலில், இதே இரண்டு வரியோடு உங்கள் கடைக்கும் ரீல் ஓடியிருந்தால் அதை அழிப்பதற்கு முன் போனில் சேமித்து வையுங்கள்.