ஆறு வருடமாக ஒரே நோட்டில் பெட்ரோலும் சர்வீஸும்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 1.6 லிட்டர் பெட்ரோல் கார். ஆறு வருடமாகத் தேதி, ஓடோமீட்டர், செய்த வேலை, செலவு, அடுத்த சர்வீஸ் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். பெட்ரோல் போடுவதையும் அதே நோட்டில், தேதி வரிசையிலேயே எழுதுகிறேன். அதனால் கிடைத்த பலனைச் சொல்கிறேன்.

இங்கே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கணக்கு. எண் ஏறினால் மைலேஜ் இறங்குகிறது. டேங்க் நிறைந்ததிலிருந்து மறுபடி நிறையும் வரை ஓடிய தூரத்தை மட்டுமே எடுப்பேன். நடுவில் 200 ராண்டுக்குப் போட்டால் அந்த லிட்டரை அடுத்த முழு டேங்கோடு கூட்டிக்கொள்வேன். பங்க்கில் ஊழியர்தான் நிரப்புவார். முதல் தடவை பம்ப் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் அங்கே நிறுத்தி, மறுநாள் விளிம்பு வரை ஊற்றினால் கணக்கு ஆடிவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக N3 நெடுஞ்சாலையில் மேடு ஏற வேண்டும், திரும்புவது இறக்கம். போய்வந்த பிறகு பார்க்கும் எண்ணைத்தான் நம்புவேன்.

என் வழக்கமான எண் 6.8. 2023 மார்ச்சில் 1,12,480 கிலோமீட்டரில் முன் பிரேக் பேட் மாற்றினேன், 1,450 ராண்ட். அடுத்த டேங்கில் 528 கிலோமீட்டருக்கு 41 லிட்டர், அதாவது 7.8. ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று காத்திருந்தேன். அடுத்து 7.7, பிறகு 7.9. டயர் காற்று சரியாக இருந்தது, வழியும் பழைய வழிதான். நோட்டில் மேலே பார்த்தால், ஏற்றம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேல் வரி பிரேக் வேலை!

அதிகம் பிரேக் போடாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினேன், தொடவில்லை. முன் இடச் சக்கரம் மட்டும் அனலாக வீசியது. வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் நோட்டையே நீட்டினேன். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார், இறுக்கமாக நின்றது. "பின்னுல கிரீஸே இல்ல தம்பி" என்றார். பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நழுவி நகர உதவும் சிறு கம்பிதான் அந்தப் பின். அது காய்ந்து பிடித்துக்கொண்டதால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உள் பேட் வெளிப் பேட்டைவிட நன்றாகத் தேய்ந்திருந்தது. பின்னைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் தடவி, பேட் ஜோடிகளையும் மாற்றினார். அடுத்த டேங்க் 6.9.

'அடுத்து' என்ற கட்டத்தில் முன்பு கிலோமீட்டர் மட்டும் எழுதுவேன். பிரேக் ஆயில் ஓடாமலே ஈரம் இழுக்கும், அதனால் அதற்கு இரண்டு வருடக் கணக்கில் தேதியும் போடுகிறேன். இப்போது பிரேக் வேலை முடிந்தால் அந்தக் கட்டத்தில் இன்னொரு வரியும் எழுதுகிறேன்: 'மூன்று டேங்க் எண் பார்க்கவும்.'