எல்லாக் கோணத்திலும் எடுப்பதா, வேண்டியதை மட்டும் எடுப்பதா: இரண்டு நாள், ஒரு கேமரா

மாணவர் குறும்படத்துக்கு ஷாட் பட்டியல் போட உட்கார்ந்தால் இரண்டு வழிகள் எதிரே நிற்கும். முதலாவது, காட்சி முழுவதையும் அகலமாக ஒரே மாஸ்டர் ஷாட்டாக எடுத்துவிட்டு, அதே காட்சியை ஒவ்வொரு கோணத்திலும் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி நடிக்க வைத்து எடுப்பது. எதை எங்கே வைப்பது என்பதைப் படத்தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, எந்த இடத்தில் எந்த ஷாட் வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அந்தத் துண்டை மட்டும் எடுப்பது. நான் முதல் படத்தை முதல் வழியிலும், இரண்டாவதை இரண்டாம் வழியிலும் எடுத்தேன். இன்னொரு படம் எடுத்தால் இரண்டாம் வழிதான். அதிலும் ஒரே ஒரு மாஸ்டர் ஷாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் வழியின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தொகுப்பு மேசையில் கை நிறையப் பொருள் இருக்கும், நடிகர் ஒரு டேக்கில் சொதப்பினாலும் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டு நாளுக்குள் அது முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை ஷாட்டுகளின் எண்ணிக்கையில் இல்லை. கேமராவும் விளக்கும் எத்தனை தடவை திரும்புகின்றன என்பதில் இருக்கிறது.

எங்கள் இரண்டாம் படத்துக்கு ஏழு பக்கத் திரைக்கதை. அதன் நடுவே இரண்டேகால் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி. அம்மா மகனுக்குத் தோசை வைக்கிறார். பேச்சு எங்கெங்கோ போகிறது. பிறகு தட்டின் ஓரத்தில் ஓர் அடகுச் சீட்டை வைக்கிறார். மகன் மறுக்கிறான், அம்மா பேசாமல் இருக்கிறார், அவன் எழுந்து போகிறான். முதல் வழியில் இதற்கு மாஸ்டர், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைப் பார்க்கும் ஓவர் ஷோல்டர் இரண்டு, இரண்டு குளோசப், சீட்டை மட்டும் நெருக்கத்தில் காட்டும் இன்சர்ட் என்று ஆறு ஷாட். இன்சர்ட்டை விட்டுவிட்டாலும் மற்ற ஐந்துக்கும் மூன்று டேக் வீதம், காட்சி பதினைந்து தடவை ஓட வேண்டும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், கேமரா ஓடுவதற்கு மட்டுமே முப்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல். அது பெரிதல்ல. ஒவ்வொரு தடவையும் புதுத் தோசை வேண்டும், கடித்த விளிம்பு முந்தைய டேக்கோடு ஒத்துப்போக வேண்டும், சட்னி அதே இடத்தில் சிந்தியிருக்க வேண்டும். கண்டினியூட்டி பார்த்த மாணவி தோசையைச் செல்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் விளிம்பை வெட்டிச் சரிசெய்ததை முதல் படத்தில் பார்த்திருக்கிறேன்; அதுவும் ஒரு சாப்பாட்டுக் காட்சிதான்.

நேரத்தைத் தின்பது திரும்புதல். அம்மா பக்கம் கேமரா இருக்கும்போது பின்னணியில் சமையலறைச் சுவர் தெரியும். மகன் பக்கம் திருப்பினால் ஜன்னல் தெரியும். விளக்குத் தாங்கிகள், மின்கம்பிகள், ஒலிப்பதிவாளர் நிற்கும் இடம், குழுவினர் அடுக்கி வைத்த பைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் போயாக வேண்டும். எங்கள் அனுபவத்தில் ஒரு திருப்பத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதே பக்கத்தில் லென்ஸை மட்டும் மாற்றிக் கேமராவைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் பத்து நிமிடம். எனவே பட்டியலைத் திரைக்கதை வரிசையில் எழுதினால், அம்மா, மகன், அம்மா, மகன் என்று மூன்று திருப்பம் வந்துவிடும். அதையே பக்கவாரியாகக் கட்டினால் ஒரே திருப்பம். இதை எந்த வழிக்காரரும் செய்ய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வழியில் ஒவ்வொரு பக்கத்திலும் முழுக் காட்சியும் ஓடுவதால், ஜன்னல் வெளிச்சம் நகர்ந்துவிடும். முதல் படத்தில் எதிர்ப்பக்கம் வரும்போது மாலை ஆகிவிட்டது. குளோசப்பில் நடிகர் முகத்தில் மஞ்சள், மாஸ்டரில் வெள்ளை. நிறம் திருத்திப் பார்த்தோம். சுவர் ஒத்துவந்தது, தோல் ஒத்துவரவில்லை.

அதனால் இரண்டாம் படத்தில் பென்சிலோடு உட்கார்ந்தோம். திரைக்கதைப் பிரதியில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு செங்குத்துக் கோடு, அது எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறதோ அதுவரை. கோடு படாத வரி இருந்தால் அங்கே எடுக்கப் படமே இல்லை என்று உடனே தெரியும். மூன்று கோடுகள் ஒன்றாகப் போகும் இடத்தில் எதை வெட்டலாம் என்று கேட்க வேண்டும். மேசைக் காட்சியில் மாஸ்டர் மட்டும் முழுவதும், இரண்டு டேக். சீட்டு வரும்வரை அதிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தோம், தோசையும் பேச்சும் அகலத்தில் பார்ப்பதுதான் அழகு. அம்மாவின் குளோசப், சீட்டை வைப்பதற்கு ஒரு வசனம் முன்னிருந்து அவர் பேசாமல் இருக்கும் இடம்வரை, நாற்பது நொடி. அதே பக்கத்தில் இன்சர்ட். பிறகு ஒரே திருப்பம், மகனின் குளோசப், அவன் எழுந்து போகும்வரை. ஓவர் ஷோல்டர் இரண்டும் போயின. ஆறு ஷாட் நான்காகச் சுருங்கியது. முழுக் காட்சி இரண்டு தடவைதான் ஓடியது, குளோசப்புக்குக் கடித்த தோசை ஒன்றே போதுமானதாக இருந்தது.

மொத்தக் கணக்கும் இப்படித்தான். பன்னிரண்டு மணி நேர நாளில் சாப்பாடு, முதல் ஒளியமைப்பு, பேக்கப் எல்லாம் கழித்தால் ஒன்பது மணி நேரம். ஷாட்டுக்கு அரை மணி என்று வைத்தால் பதினெட்டு. இரண்டாம் நாள் பஸ் நிலையத்துக்கு இடம் மாற வேண்டியிருந்ததால் பதினான்குதான் போட்டோம். ஆக முப்பத்திரண்டு. முதல் வழிப் பட்டியல் எழுதிப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு வந்தது. கோடு போட்ட பட்டியல் முப்பத்தொன்றில் நின்றது.

இரண்டாம் வழிக்கு விலை இல்லாமல் இல்லை. துண்டின் இரு முனையிலும் ஒரு வசனம் கூடுதலாக எடுக்காவிட்டால் வெட்டு ஒட்டாது. மகனாக நடித்தவர் எழுந்து போகும்போது நாங்கள் எழுதாத ஒரு வரியைச் சொன்னார். நன்றாக இருந்தது, ஆனால் அதற்கு அம்மா என்ன செய்தார் என்று காட்ட எங்களிடம் மாஸ்டரைத் தவிர வேறு படமில்லை. அந்த மாஸ்டர்தான் காப்பாற்றியது. நடிகர்கள் வசனத்தைத் தாங்களாகப் பேசும் வகைப் படமென்றால், முழுதாக எடுப்பதே நல்லதாக இருக்கலாம். அப்படி ஒன்றை நான் இதுவரை எடுத்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஒரே நீண்ட ஷாட்டில் காட்சியை முடிக்கும் மூன்றாம் வழியும் அப்படியே. ஒத்திகைக்குத் தனி நாள் கிடைத்தவர்கள்தான் அதைப் பேச வேண்டும்.

பட்டியலின் ஓரத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ‘வேண்டும்’, ‘இருந்தால் நல்லது’ என்று எழுதியிருந்தோம். இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு ‘இருந்தால் நல்லது’ மூன்று மிச்சம். பஸ் கிளம்பிப் போவதை மகன் பார்க்கும் அகல ஷாட்டை மட்டும் ஓடிப்போய் எடுத்தோம். மற்ற இரண்டும் எவை என்று இப்போது என் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.